ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச்: ஃப்ரீலான்ஸரின் நான்கு தேதிகள்

மாதச் சம்பளம் வாங்குகிறவர் வருமான வரியைத் தன் கையால் எடுத்துக் கொடுப்பதில்லை. நிறுவனமே மாதாமாதம் பிடித்துக் கட்டிவிட்டு, மீதியை அவர் கணக்கில் போடுகிறது. பிடித்தது போக வந்த பணத்தில்தான் அவர் குடும்பம் நடத்துகிறார். சொந்தமாக வேலை எடுத்துச் செய்கிறவர் நிலை அப்படியில்லை. படம் வரைந்து கொடுத்தாலும், மென்பொருள் எழுதினாலும், மொழிபெயர்த்தாலும், பேசிய தொகை பெரும்பாலும் முழுதாகவே வந்து விழுகிறது. அதில் ஒரு பங்கு வரிக்குப் போக வேண்டியது என்று வங்கிக் கணக்கு சொல்லாது. வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், புதிய கணினி என்று அந்தப் பணம் செலவாகிவிடுகிறது. அடுத்த ஜூலையில் ரிட்டர்ன் போட ஆடிட்டரிடம் போகும்போதுதான் தொகை தெரியவருகிறது.

அந்த அறையில் நடக்கும் பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

"இவ்வளவா சார்? இதைத் தவணையா கட்ட முடியாதா?"

"கட்டியிருக்கலாம்மா. அதுக்கான தேதியெல்லாம் மார்ச்லயே முடிஞ்சுபோச்சு."

ஆடிட்டர் சொல்வது சட்டப்படியே சரி. சொந்தத் தொழில் செய்கிறவரும் தன் வரியை வருடத்துக்குள்ளேயே பகுதி பகுதியாகக் கட்டிவிட வேண்டும் என்பதுதான் இந்திய வருமான வரிச் சட்டத்தின் ஏற்பாடு. இதற்கு அட்வான்ஸ் டாக்ஸ் என்று பெயர். 1944ஆம் ஆண்டு, போர்க்காலத்தில் வந்த ஏற்பாடு இது. கம்பெனி அல்லாத தனிநபர்களுக்கு வெகுகாலம் மூன்று தவணைகள் இருந்தன. 2016-17 நிதியாண்டிலிருந்து அவர்களுக்கும் நான்கு தவணைகள். ஆனாலும், புதிதாக ஃப்ரீலான்ஸ் வேலைக்கு வருகிறவர்கள் பலர் இது கம்பெனிகளுக்கும் பெரிய வியாபாரிகளுக்கும் உரிய சமாச்சாரம் என்றே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

யார் கட்ட வேண்டும் என்பதற்கு அளவுகோல் ஒன்றுதான். வருடம் முழுவதற்குமான வரியைக் கணக்கிட்டு, பிறர் ஏற்கெனவே பிடித்துக் கட்டிய டி.டி.எஸ்.ஸைக் கழித்த பிறகு, மீதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் அட்வான்ஸ் டாக்ஸ் கட்ட வேண்டும். புதிய வரி முறையில் இருக்கும் ஒருவரின் நிகர வருமானம் 12 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், 2025-26 முதல் வரித் தள்ளுபடி கிடைத்து வரியே இல்லாமல் போகும். அவருக்குத் தவணைக் கவலையும் இல்லை. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு விலக்கு உண்டு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். தொழில் வருமானம் எதுவும் இல்லாத மூத்தவர்களுக்குத்தான் அந்த விலக்கு. ஓய்வுபெற்ற பிறகு ஆலோசனைக் கட்டணம் வாங்குகிறவர் அதில் வரமாட்டார்.

இனி ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மதுரையில் வீட்டிலிருந்தே வேலை செய்யும் ஒரு கிராஃபிக் டிசைனரை எடுத்துக்கொள்வோம். 2025 ஏப்ரலில் அவர் வரப்போகும் வருடத்தை மதிப்பிடுகிறார். வழக்கமாக வேலை தரும் வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடமிருந்து 15,02,000 ரூபாய் வரலாம். சென்னையில் உள்ள ஒரு விளம்பர நிறுவனத்திலிருந்து 2,48,000 ரூபாய். ஆக மொத்தம் 17,50,000 ரூபாய். இணையக் கட்டணம், மென்பொருள் சந்தா, கணினியின் தேய்மானம், வேலைக்காகப் போய்வந்த செலவு எல்லாம் சேர்த்து 1,50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நிகர வருமானம் 16 லட்சம்.

புதிய வரி முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், அது 20,000 ரூபாய். அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதம், 40,000. கடைசி 4 லட்சத்துக்கு 15 சதவீதம், 60,000. கூட்டினால் 1,20,000 ரூபாய். அதன்மேல் 4 சதவீத செஸ் 4,800. மொத்த வரி 1,24,800 ரூபாய். சென்னை நிறுவனம் தான் தரும் தொகையில் 10 சதவீதம் பிடித்து 24,800 ரூபாயை அவர் பெயரில் கட்டிவிடும். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் எதையும் பிடிக்கமாட்டார்கள். ஆகவே அவர் தன் கையிலிருந்து கட்ட வேண்டியது சரியாக ஒரு லட்சம்.

இந்த ஒரு லட்சத்தில் 15 சதவீதம் ஜூன் 15க்குள் கட்டியாக வேண்டும். செப்டம்பர் 15க்குள் 45 சதவீதம், டிசம்பர் 15க்குள் 75 சதவீதம், மார்ச் 15க்குள் முழுவதும் போய்ச் சேர வேண்டும். இவை அந்தந்தத் தேதிவரை கட்டி முடித்திருக்க வேண்டிய மொத்த அளவுகள். தவணையாகப் பார்த்தால் நம் டிசைனர் ஜூனில் 15,000, செப்டம்பரில் 30,000, டிசம்பரில் 30,000, மார்ச்சில் 25,000 ரூபாய் கட்டுவார். கடைசித் தேதி ஞாயிற்றுக்கிழமையிலோ வங்கி விடுமுறையிலோ வந்தால் அடுத்த வேலை நாளில் கட்டினால் போதும். 2025 ஜூன் 15ஆம் தேதியும் 2026 மார்ச் 15ஆம் தேதியும் ஞாயிற்றுக்கிழமைகளாகவே இருந்தன.

அவர் எதையுமே கட்டாமல் 2026 ஜூலையில் ஆடிட்டர் முன்னால் உட்கார்ந்தால் என்ன ஆகும்? இரண்டு விதமான வட்டி சேரும். முதலாவது, ஒவ்வொரு தவணையும் தவறியதற்கான வட்டி. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் 234சி என்ற பிரிவு இதைச் சொல்கிறது. ஜூனில் குறைந்த 15,000 ரூபாய்க்கு மூன்று மாத வட்டி, மாதம் 1 சதவீதம் வீதம் 450 ரூபாய். செப்டம்பரில் குறைந்த 45,000க்கு 1,350. டிசம்பரில் குறைந்த 75,000க்கு 2,250. மார்ச்சில் குறைந்த ஒரு லட்சத்துக்கு ஒரு மாத வட்டி மட்டும், 1,000. ஆக 5,050 ரூபாய். இரண்டாவது, வருடம் முடிந்தும் 90 சதவீதம்கூடக் கட்டவில்லை என்பதற்கான வட்டி. இது 234பி. ஏப்ரல் 1 முதல் பணம் கட்டும் மாதம்வரை மாதம் 1 சதவீதம். ஜூலையில் கட்டினால் நான்கு மாதம், 4,000 ரூபாய். எல்லாம் சேர்த்து 9,050 ரூபாய்.

ஒரு லட்சத்துக்கு ஒன்பதாயிரம் வட்டி என்பது சிறிய இழப்பு இல்லை. அதே பணத்தைச் சேமிப்புக் கணக்கில் வைத்திருந்தால் இதில் ஒரு பகுதிதான் வட்டியாக வந்திருக்கும். ஆனாலும் என் பார்வையில் வட்டி இங்கே இரண்டாம்பட்சம். உண்மையான அடி எங்கே விழுகிறது என்றால், அந்த ஜூலைக்கு முன்பே ஜூன் 15 வந்துபோய்விடுகிறது. அது புது வருடத்தின் முதல் தவணை. போன வருடத்துப் பாக்கி 1,09,050 ரூபாய் கழுத்தில் நிற்கும்போது இந்த வருடத்துத் தவணையை யார் கட்டுவார்கள்? அதைத் தள்ளிப்போடுகிறார்கள். செப்டம்பரும் அப்படியே போகிறது. மறுபடி அடுத்த ஜூலையில் அதே மொத்தத் தொகை, அதே வட்டி. ஒரு வருடம் தவறியவர் வருமானம் நன்றாக இருந்தும் வருடக்கணக்கில் பின்தங்கியே ஓடுவது இதனால்தான். இந்தச் சுழலிலிருந்து வெளியே வர ஏதாவது ஒரு வருடத்தில் இரண்டு வருட வரியைச் சேர்த்துக் கட்டியாக வேண்டியிருக்கிறது.

தவணை கட்டாததற்கு ஃப்ரீலான்ஸர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: என் வருமானம் எனக்கே தெரியாதே, எதை வைத்து மதிப்பிடுவது? நியாயமான கேள்வி. நவம்பரில் வரப்போகும் வேலையை ஜூனில் எப்படிக் கணக்கில் சேர்ப்பது? சட்டமும் அதை எதிர்பார்க்கவில்லை. ஒவ்வொரு தவணையிலும் அன்றைக்குத் தெரிந்ததை வைத்து முழு வருடத்தையும் புதிதாக மதிப்பிட்டு, அதுவரை கட்டியதைக் கழித்துவிட்டுக் கட்ட வேண்டும், அவ்வளவுதான். பழைய மதிப்பீட்டைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. எந்தப் படிவத்தையும் அனுப்பவும் வேண்டாம்.

மதிப்பீடு தவறினால் எவ்வளவு நஷ்டம் என்பதையும் பார்த்துவிடுவோம். முதல் இரண்டு தவணைகளுக்குச் சட்டத்திலேயே ஒரு தளர்வு இருக்கிறது. ஜூனில் 15 சதவீதம் கேட்டாலும், முடிவான வரியில் 12 சதவீதம் போயிருந்தால் வட்டி இல்லை. செப்டம்பரில் 45 கேட்டாலும் 36 போதும். நம் டிசைனர் ஒரு லட்சம் என்று மதிப்பிட்டு ஜூனில் 15,000 ரூபாயும் செப்டம்பருக்குள் மொத்தம் 45,000 ரூபாயும் கட்டிவிட்டார். வருட முடிவில் அவர் கட்ட வேண்டியது 1,25,000 ரூபாய் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 12 சதவீதம் 15,000. அதில் 36 சதவீதம் 45,000. இரண்டும் சரியாகப் பொருந்துகின்றன. மதிப்பீடு கால் பங்கு தப்பியும் முதல் இரண்டு தவணைக்கு ஒரு ரூபாய்கூட வட்டி வராது. டிசம்பர், மார்ச் தவணைகளுக்கு இந்தத் தளர்வு கிடையாது. அந்த நேரத்தில் வருடத்தின் பெரும்பகுதி கண்முன் வந்துவிடுகிறது அல்லவா?

இன்னும் பெரிதாகத் தப்பினால்? நவம்பரில் ஒரு வெளிநாட்டுப் பதிப்பகம் எதிர்பாராமல் 2 லட்சம் ரூபாய் வேலை தருகிறது. கூடுதல் செலவு எதுவும் இல்லை. நிகர வருமானம் 18 லட்சமாகிறது. 16 லட்சத்துக்கு மேற்பட்ட பகுதிக்கு வரி 20 சதவீதம். 40,000 ரூபாயும் செஸ் 1,600 ரூபாயும் கூடுகின்றன. கட்ட வேண்டியது இப்போது 1,41,600 ரூபாய். டிசம்பர் 15க்குள் இதில் 75 சதவீதம், அதாவது 1,06,200 ரூபாய் போயிருக்க வேண்டும். ஏற்கெனவே 45,000 கட்டியாயிற்று. ஆகவே டிசம்பரில் 61,200 ரூபாயும், மார்ச்சில் மீதி 35,400 ரூபாயும் கட்டுகிறார்.

ஜூன், செப்டம்பர் தவணைகள் இப்போது 12, 36 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டன. முடிவான வரியை வைத்துத்தான் துறை அவற்றை அளக்கும். ஜூனுக்கு 186 ரூபாய், செப்டம்பருக்கு 561 ரூபாய், ஆக 747 ரூபாய் வட்டி வரும். பங்கு விற்ற லாபம், டிவிடெண்ட் போன்ற சில வருமானங்களை முன்கூட்டி மதிப்பிட முடியாமல் போனால் சட்டம் விலக்குத் தருகிறது. ஏற்கெனவே செய்துவரும் தொழிலில் திடீரென்று வந்த பெரிய வேலைக்கு அந்த விலக்கு இல்லை. அது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் 2 லட்சம் ரூபாய் வேலை வந்த இடத்தில் 747 ரூபாய்தான் தவறிய மதிப்பீட்டின் முழு விலை. எவ்வளவு என்று தெரியவில்லை என்பதற்காக ஒன்றுமே கட்டாமல் இருப்பவர் ஒன்பதாயிரத்துக்கு மேல் கொடுக்கிறார். தோராயமாகவாவது கட்டியவர் கொடுப்பது சில நூறு ரூபாய்.

தவணைத் தேதி தவறிவிட்டால் அடுத்து என்ன செய்வது என்பதிலும் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. ஜூன் 15ஐத் தவறவிட்டவர் 16ஆம் தேதி கட்டினாலும் மூன்று மாத வட்டிதான், ஆகஸ்ட்டில் கட்டினாலும் அதே மூன்று மாத வட்டிதான். பதறிப்போய்க் கடன் வாங்கிக் கட்டுவதில் பயன் இல்லை. செப்டம்பர் 15க்குள் இரண்டு தவணைகளையும் சேர்த்து 45 சதவீதத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் இழப்பு அந்த முதல் தவணையோடு நின்றுவிடும். மார்ச்சில் கணக்கு வேறு. மார்ச் 15ஐத் தவறவிட்டாலும் 31ஆம் தேதிக்குள் கட்டுவதைச் சட்டம் அட்வான்ஸ் டாக்ஸாகவே ஏற்றுக்கொள்கிறது. கடைசித் தவணைக்கு ஒரு மாத வட்டி வரும். ஆனால் ஏப்ரல் முதல் ஓடத் தொடங்கும் 234பி வட்டி தலையெடுக்காது. வருடம் முழுதும் எதுவுமே கட்டாதவர்கூட மார்ச் 31க்குள் முழுவதையும் கட்டிவிட்டால் அந்த 4,000 ரூபாய் மிச்சம். அதையும் விட்டவர்கள் ஜூலை வரை காத்திருக்கக் கூடாது. மாதத்தில் ஒரு நாள் புகுந்தாலும் முழு மாதமாகக் கணக்கு எடுப்பார்கள். எனவே ஏப்ரல் 30க்குக் கட்டினால் ஒரு மாத வட்டி, மே 1க்குக் கட்டினால் இரண்டு மாத வட்டி.

கணக்கில் தவறு நுழையும் மற்றொரு இடம் டி.டி.எஸ். சென்னை நிறுவனம் 24,800 ரூபாய் பிடித்துக் கட்டும் என்று நம்பி நம் டிசைனர் தன் தவணையைக் குறைத்துக்கொண்டார். அந்த நிறுவனம் பிடிக்காமலே முழுத் தொகையையும் கொடுத்துவிட்டால் அந்தப் பகுதி வரியும் இவர் தலையில்தான். பிடித்தும் கட்டவில்லை என்றால் தொல்லை இன்னும் அதிகம். வாடிக்கையாளர் பிடித்துக் கட்டியதெல்லாம் வருமான வரி இணையதளத்தில் நம் பெயரில் 26 ஏ.எஸ். என்ற படிவத்தில் தெரியும். ஏப்ரல் முதல் ஜூன்வரை பிடித்ததற்கான கணக்கை நிறுவனங்கள் ஜூலை 31க்குள் கொடுக்க வேண்டும். ஆகவே ஆகஸ்ட்டில் அதைத் திறந்து பார்த்தால் செப்டம்பர் தவணைக்கு முன்பே நிலைமை தெரிந்துவிடும். நவம்பரில் பார்த்தால் டிசம்பர் தவணைக்கு உதவும். எதிர்பார்த்த தொகை அங்கே இல்லையென்றால் நிறுவனத்தின் கணக்குப் பிரிவைக் கேட்பதற்கு அதுதான் சமயம். வருடம் முடிந்தபின் கேட்டால் பதில் வருவதற்குள் ரிட்டர்ன் தேதி வந்துவிடுகிறது.

தவணைத் தேதியில் கையில் பணம் இருக்க வேண்டுமே. அதற்கு வரிக்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரவிலும் ஒரு பங்கை அன்றைக்கே அதற்கு மாற்றிவிடுவதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை. எவ்வளவு பங்கு என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். நம் டிசைனரின் ஆரம்ப மதிப்பீட்டில் டி.டி.எஸ். பிடிக்காத வரவு 15,02,000 ரூபாய், கட்ட வேண்டியது ஒரு லட்சம். நூற்றுக்கு 7 ரூபாய் ஒதுக்கினால் போதும். ஆனால் நவம்பரில் வந்த அந்த 2 லட்சத்துக்கு இந்த 7 ரூபாய்க் கணக்கு செல்லாது. அது 20 சதவீத அடுக்கில் விழும் பணம், செஸ் சேர்த்து நூற்றுக்கு 20 ரூபாய் 80 காசு போகும். 14,000 ரூபாய் ஒதுக்கிவிட்டு நிம்மதியாக இருந்தால் 41,600 கட்ட வேண்டிய நாளில் 27,600 ரூபாய் குறையும். எதிர்பார்த்த வருமானத்துக்குச் சராசரி வீதம், எதிர்பாராமல் மேலே வந்த பணத்துக்கு அது விழும் அடுக்கின் வீதம் என்று இரண்டு வீதங்களில் ஒதுக்க வேண்டும். நல்ல வருடத்தில்தான் வரி அதிர்ச்சி பெரிதாக வருகிறது என்று ஃப்ரீலான்ஸர்கள் சொல்வதற்குக் காரணம் இந்த அடுக்கு வித்தியாசம்.

வேலையில் இருந்துகொண்டே பக்கத்தில் ஃப்ரீலான்ஸ் செய்கிறவருக்கு இதைவிட எளிய வழி ஒன்று உண்டு. தன் மற்ற வருமானத்தை நிறுவனத்திடம் எழுதிக் கொடுத்தால் அதற்கான வரியையும் சேர்த்துச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது. முழுதும் பிடிக்கப்பட்டுவிட்டால் தவணைத் தேதிகள் அவரைத் தொடாது.

இன்னொரு கூட்டத்தாருக்கு விதியே வேறு. மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர், கட்டிடக் கலைஞர், கணக்காளர், உள் அலங்கார வடிவமைப்பாளர், தொழில்நுட்ப ஆலோசகர், தகவல் தொழில்நுட்ப வல்லுநர் ஆகியோர் தங்கள் மொத்த வரவில் பாதியை வருமானம் என்று காட்டிவிட்டு, செலவுக் கணக்கு எழுதாமலே வரி கட்டலாம். வரவு 50 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ரொக்கமாக வாங்கியது 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம்வரை போகலாம். 44ஏடிஏ என்று ஆடிட்டர்கள் சொல்வது இதைத்தான். சினிமாக்காரர்களும் இந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். நடிகர் மட்டுமல்ல, ஒளிப்பதிவாளர், எடிட்டர், பாடலாசிரியர், வசனகர்த்தா, உதவி இயக்குநர், உடை வடிவமைப்பாளர் வரை அதில் உண்டு. கோடம்பாக்கத்தில் படத்துக்குப் படம் சம்பளம் வாங்கும் பலருக்கு இது தெரிந்திருப்பதில்லை.

இந்த முறையைத் தேர்ந்தவர்களுக்கு நான்கு தவணை இல்லை. முழு வரியையும் மார்ச் 15க்குள் ஒரே தடவையில் கட்டினால் போதும். சலுகைதான், ஆனால் எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ள வேண்டிய சலுகை. வருடத்துக்கு 30 லட்சம் வாங்கும் ஒரு மென்பொருள் ஆலோசகரை நினைத்துப் பாருங்கள். பாதி 15 லட்சம் வருமானம், அதற்கு வரி 1,05,000 ரூபாய், செஸ்ஸோடு 1,09,200. வெளிநாட்டு வாடிக்கையாளர் என்றால் டி.டி.எஸ். எதுவும் இருக்காது. அத்தனையும் மார்ச் மாதத்தின் நடுவில் ஒரே நாளில் போக வேண்டும். நாம் தவிர்க்க நினைத்த மொத்தச் சுமை ஜூலையிலிருந்து மார்ச்சுக்கு நகர்ந்திருக்கிறது, குறையவில்லை. அவரும் ஜூனிலோ செப்டம்பரிலோ கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிவரலாம், சட்டம் தடுப்பதில்லை. கட்டாயம் இல்லாததால் தவறினால் வட்டியும் இல்லை. வரவு சீராக இல்லாத சினிமாத் தொழிலில் இருப்பவர்களுக்கு, பெரிய தொகை கைக்கு வந்த மாதமே வரியைக் கட்டிவிடுவதுதான் பாதுகாப்பு என்று நினைக்கிறேன்.

பணம் கட்டும் வேலை பத்து நிமிடம்கூட எடுக்காது. incometax.gov.in தளத்தில் e-Pay Tax என்ற பகுதிக்குப் போய், பான் எண்ணும் கைபேசி எண்ணும் கொடுத்து, வரும் ஓ.டி.பி.யைப் பதிந்தால் உள்ளே போகலாம். கடவுச்சொல்கூடத் தேவையில்லை. வருமான வரி என்பதைத் தேர்ந்து, ஆண்டைக் குறித்து, கட்டணத்தின் வகையில் Advance Tax (100) என்பதைத் தொட்டு, தொகையை எழுத வேண்டும். நெட் பேங்கிங், டெபிட் கார்டு, யு.பி.ஐ. எதிலும் கட்டலாம். வங்கிக் கிளையில் கொடுப்பதற்கான சலானையும் அங்கேயே எடுத்துக்கொள்ளலாம்.

தவறு நடப்பது இரண்டு இடங்களில். வகையில் 100க்குப் பக்கத்திலேயே Self Assessment Tax (300) இருக்கிறது. அது வருடம் முடிந்தபின் ரிட்டர்ன் போடும்போது கட்டும் பாக்கிக்கு உரியது. தவணையை அதில் கட்டிவிட்டால் அட்வான்ஸ் டாக்ஸாகக் கணக்கில் ஏறாமல் வட்டிக் கணக்கு குழம்பும். மற்றது ஆண்டு. 2025-26இல் சம்பாதித்த பணத்துக்கு இத்தனை காலமும் வழக்கத்தில் இருந்த முறைப்படி மதிப்பீட்டு ஆண்டு 2026-27 என்று குறிக்க வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது. தவணைத் தேதிகளும் சதவீதங்களும் அதில் அப்படியே இருக்கின்றன, பிரிவு எண்கள்தான் மாறுகின்றன. ஆனால் மதிப்பீட்டு ஆண்டு என்பதே போய், சம்பாதிக்கும் ஆண்டையே வரி ஆண்டு என்று அது அழைக்கிறது. ஆகவே மதிப்பீட்டு ஆண்டு 2026-27 என்பது 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையிலான வருமானம், வரி ஆண்டு 2026-27 என்பது 2026 ஏப்ரல் முதல் 2027 மார்ச் வரையிலான வருமானம். எண் ஒன்று, வருடம் வேறு. 2026இல் பழைய பாக்கியையும் புதிய தவணையையும் அடுத்தடுத்துக் கட்டுகிறவர்கள் பணத்தை அனுப்பும் முன் இந்த ஒரு வரியை நிறுத்திப் படிக்க வேண்டும்.

தவறு நேர்ந்துவிட்டால் தளத்திலேயே சலானைத் திருத்த வழி இருக்கிறது, ஆனால் அதற்கான அவகாசம் குறைவு. அது கடந்துவிட்டால் வருமான வரி அதிகாரிக்கு எழுத வேண்டியிருக்கும். எனவே கட்டிய அன்றே ரசீதை இறக்கி வைத்து, அதில் உள்ள வங்கியின் பி.எஸ்.ஆர். எண், சலான் எண், தேதி மூன்றும் தெளிவாக இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்து 26 ஏ.எஸ். படிவத்தில் அந்தத் தொகை சரியான ஆண்டில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். மதிப்பீடு அதிகமாகிப் போய்க் கூடுதலாகக் கட்டியிருந்தால் ரிட்டர்ன் போட்டதும் அந்தப் பணம் திரும்பி வரும். திரும்ப வர வேண்டியது மொத்த வரியில் 10 சதவீதமாவது இருந்தால் ஏப்ரலிலிருந்து மாதம் அரை சதவீத வட்டியோடு வரும்.